முப்பத்து நாலா, ஒன்பதா? – ஒரு ஏலக்காய்க் கடையும் விளம்பரக் கணக்கின் கதையும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம் மக்களே, மன்னிச்சுக்கோங்க. இன்னிக்கு எழுதப்போறது கொஞ்சம் நீளமான பதிவு, கையில ஒரு டீயோட உட்காருங்க.

எங்க மாமாவுக்கு பூப்பாறை பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம், போடியில ஒரு சின்னக் கடை. போடிக்காரங்க பாதிப் பேருக்கு இதுதான் வாழ்க்கை: வீடு கீழ தமிழ்நாட்டுல, காடு மேல கேரளாவுல, நடுவுல போடிமெட்டு. காய்ல பெரும்பகுதி ஏலத்துக்குப் போயிரும். நல்ல எட்டு மில்லி காயை மட்டும் தனியா எடுத்து, நூறு கிராம், இருநூத்தம்பது கிராம் பொட்டலமாப் போட்டு கொரியர்ல அனுப்புறார். அதுக்கு ஒரு வலைத்தளம் செஞ்சு கொடுத்தவன் அடியேன். சம்பளம், வருஷத்துக்கு ஒரு கிலோ ஏலக்காய் :-)

பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் லீவை இழுத்து மாசக் கடைசி வரைக்கும் உட்கார்ந்துட்டேன். ஜனவரி கணக்கு முடிஞ்ச அன்னிக்கு மாமா கடை நோட்டையும் போனையும் என் முன்னாடி வச்சார்.

"ஏன் மாப்ள, அந்த விளம்பரக்காரன் முப்பத்து மூணு ஆர்டர் அவனால வந்துச்சுங்குறான். நீ போட்டுக் கொடுத்த கணக்குல பாத்தா ஒம்போதுனு காட்டுது. இதுல எவன் பொய் சொல்றான்?"

நானும் முதல்ல என் நிரலில எங்கேயோ ஓட்டைனுதான் நெனச்சேன். மூணு நாள் தேடினேன். ஓட்டை இல்லை. ரெண்டு எண்ணும் அதது எடுத்துக்கிட்ட விதிப்படி சரிதான். அந்த விதிகள் எப்படி வந்துச்சுனு தேடிப் போனப்போ கிடைச்ச கதைதான் இந்தப் பதிவு.

விளம்பரத்தைப் பார்த்து யார் வாங்குனான்னு கண்டுபிடிக்கிற வேலை இணையத்துக்கு ரொம்ப முந்தி. நூறு வருஷத்துக்கு முன்னாடி தபால்ல சரக்கு விக்கிறவங்க, பத்திரிகை விளம்பரத்துல கூப்பன் வச்சு, ஒவ்வொரு பத்திரிகைக்கும் முகவரியில ஒரு குறியீட்டை மாத்திப் போடுவாங்க. எந்தக் குறியோட கடுதாசி வருதோ அந்தப் பத்திரிகைக்குப் பேர். அமெரிக்காவுல கிளாட் ஹாப்கின்ஸ் 1923-ல எழுதின புத்தகமே இந்தக் கூப்பன் எண்ணிக்கையை நம்பித்தான் பேசுது. நம்ம ஊர்லயும் எஸ்.எஸ். வாசன் 1928-ல ஆனந்த விகடனை வாங்குறதுக்கு முன்னாடி விளம்பரமும் தபால் வியாபாரமும்தான் பண்ணிட்டிருந்தார். கூப்பனை வெட்டி அனுப்பினவரை எண்ணலாம். விளம்பரத்தைப் பார்த்துட்டு பேசாம கடைத்தெருவுல போய் வாங்கினவரை எண்ண முடியாது. இன்னிக்கு நாம சண்டை போடுற 'சொடுக்கி வந்தவர்', 'பார்த்து வந்தவர்' பிரிவினை அங்கேயே இருக்கு. முதலாமவர் கிளிக்-த்ரூ, ரெண்டாமவர் வியூ-த்ரூ. அன்னிக்கு ரெண்டாமவரை எண்ண வழியில்லாததால யாரும் சண்டை போடல.

இணையத்துல முதல் பெரிய பேனர் விளம்பரங்கள் வந்தது 1994 அக்டோபர் 27, ஹாட்வயர்டு தளத்துல. அதுல ஏடி அண்டு டி கம்பெனியோட பேனரை, பார்த்தவங்கள்ல நூத்துக்கு 44 பேர் சொடுக்கினாங்கன்னு சொல்லுவாங்க. புதுசு இல்லையா, எதைக் கண்டாலும் சொடுக்கின காலம். அந்த மாதிரி காலத்துல சொடுக்கை மட்டும் எண்ணினாலே போதும். ஆனா சில வருஷத்துலயே கூட்டத்துக்குக் கண்ணு பழகிருச்சு. தொண்ணூறுகள் முடியுறதுக்குள்ள நூறு பேருக்கு ஒருத்தர்கூட சொடுக்கல. பேனர் விக்கிறவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. "ஐயா, ஆயிரம் பேருக்குக் காட்டினோம், நாலு பேர் சொடுக்கினாங்க"னு சொன்னா எவன் காசு கொடுப்பான்? "மத்தவங்க சொடுக்காட்டியும் மனசுல பதிஞ்சிருக்கும்ல"னு அவங்க சொல்லணும். சொன்னா மட்டும் போதாது, எண்ணிக் காட்டணும்.

அதுக்கான கருவி ஏற்கெனவே இருந்துச்சு. அதே 1994-ல நெட்ஸ்கேப்ல லூ மாண்டுலிங்கிறவர் குக்கீயைக் கண்டுபிடிச்சார். தளம் உங்க உலாவியில ஒரு சீட்டு எழுதி வைக்கும், அடுத்த முறை போனா உலாவி அந்தச் சீட்டைத் திருப்பிக் காட்டும். கடைக்கூடையில என்ன போட்டீங்கன்னு ஞாபகம் வச்சுக்கிறதுக்குத்தான் அது வந்துச்சு. டபுள்கிளிக் மாதிரி விளம்பர சர்வர் கம்பெனிகள் இதை வேற மாதிரி பயன்படுத்தினாங்க. நூறு தளத்துல தெரியுற பேனர் எல்லாமே அவங்க சர்வர்ல இருந்து வருது. அதனால நூறு தளத்துலயும் ஒரே சீட்டு. விக்கிறவரோட 'நன்றி, உங்கள் ஆர்டர் கிடைத்தது' பக்கத்துலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை, ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல, அதே சர்வர்ல இருந்து வரவச்சாங்க. இப்போ செய்தித் தளத்துல பேனர் பார்த்த சீட்டும், கடையில வாங்கின சீட்டும் ஒண்ணுதான்னு சர்வருக்குத் தெரியும். நடுவுல சொடுக்கு இருக்கணும்னு அவசியமே இல்லை. பார்த்து வந்தவரை எண்ண வழி பிறந்தது இப்படித்தான்.

இங்கதான் சிக்கல். ஒருத்தர் மார்ச் 1-ஆம் தேதி பேனர் பார்க்குறார், ஆகஸ்ட்ல வாங்குறார். அது பேனரால வந்த விற்பனையா? எங்கேயாவது கோடு போடணும். அந்தக் கோடுதான் அட்ரிபியூஷன் விண்டோ. நான் 'கெடு'னு சொல்றேன். பார்த்த நேரத்துல இருந்தோ, சொடுக்கின நேரத்துல இருந்தோ இத்தனை நாளுக்குள்ள வாங்கினா பேர் எனக்கு, அதுக்கு மேல போனா எனக்கில்லை. முப்பது நாள்ங்கிறது ரொம்ப காலம் பலருக்கும் வழக்கமான கெடுவா இருந்துச்சு. மனுஷ மனசுல விளம்பரம் முப்பது நாள்தான் தங்கும்னு யாரும் அளந்து சொல்லல. ஒப்பந்தத்துல போடுற எண் அது. விளம்பரம் விக்கிறவர் கெடுவை நீட்டினா அவர் பேருல சேர்ற விற்பனை கூடும், அவ்வளவுதான். அளவுகோலை யார் கையில வச்சிருக்காங்கன்னு கவனிங்க.

மறுபக்கம் வேற ஒரு பரம்பரை வளர்ந்துச்சு. தளம் வச்சிருக்கறவங்க தங்களோட சர்வர் பதிவேட்டைப் படிச்சு 'எங்க இருந்து வந்தாங்க'னு பார்க்க ஆரம்பிச்சாங்க. அதுல ஒண்ணு அர்ச்சின். அதை 2005-ல கூகுள் வாங்கி, அதே வருஷம் நவம்பர்ல கூகுள் அனலிட்டிக்ஸ்னு இலவசமா விட்டுச்சு. அந்தக் காலத்து வலைப்பூ வச்சிருந்த அண்ணாச்சிகள் பல பேர் டெம்ப்ளேட்டுல ஒட்டிக்கிட்ட அந்தத் துண்டு நிரல்தான். அது `__utmz`னு ஒரு குக்கீ எழுதும், உள்ள இந்த மாதிரி இருக்கும்:

```
utmcsr=google|utmccn=(organic)|utmcmd=organic
```

அதாவது இந்த ஆள் கூகுள் தேடல்ல இருந்து, காசு கொடுக்காம வந்தார்னு அர்த்தம். ஆறு மாசம் உயிரோட இருக்கும். அதே ஆள் அடுத்த வாரம் வேற சுட்டி வழியா வந்தா பழசை அழிச்சுப் புதுசு எழுதிரும். நேரா முகவரியைத் தட்டி வந்தா மட்டும் பழசை அப்படியே விட்டுரும். வாங்குற நேரத்துல அதுல என்ன எழுதியிருக்கோ அவருக்குத்தான் முழுப் பேர். கடைசியா வந்த சுட்டிக்கே எல்லாம்.

இந்த ரெண்டு பரம்பரையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. விளம்பரத் தளம் தன் விளம்பரத்துல இருந்து கிளம்பி முன்னாடி பார்க்குது: 'நான் காட்டினவங்கள்ல யார் கெடுவுக்குள்ள வாங்கினா?' அனலிட்டிக்ஸ் விற்பனையில இருந்து கிளம்பிப் பின்னாடி பார்க்குது: 'இவர் கடைசியா எந்த வழியா உள்ள வந்தார்?' விளம்பரத் தளத்துக்கு மத்தவன் விளம்பரம் தெரியாது. அனலிட்டிக்ஸுக்கு, சொடுக்காம பார்த்த பார்வை எதுவுமே தெரியாது, ஏன்னா அந்தப் பார்வை நடந்தது வேறொருத்தர் வீட்டுக்குள்ள. அங்க நம்ம நிரல் கிடையாது.

இதை மாமாவுக்குச் சொல்ல நான் திணறிக்கிட்டு இருந்தேன். அவரே சொல்லிட்டார். 2017 ஜூலைல ஜி.எஸ்.டி. வர்ற வரைக்கும் மெட்டுல வணிகவரி செக்போஸ்ட் இருந்துச்சுல்ல. "நம்ம வண்டி போடிமெட்டு வழியா மேல ஏறி, கம்பம்மெட்டு வழியா கீழ எறங்கும். போடிமெட்டுக்காரன் நோட்டுல ஏறுன வண்டி எறங்கவே இல்ல. கம்பம்மெட்டுக்காரன் நோட்டுல ஏறாத வண்டி எறங்கியிருக்கு. ரெண்டு நோட்டையும் வச்சு வண்டி எத்தனைனு கேட்டா எப்படி?" அதேதான் மாமா. இதுல கூடுதலா ஒண்ணு. ரெண்டு செக்போஸ்ட்காரனும் 'இந்த வண்டி என்னால ஓடுது'னு காசு கேக்குறான்.

கதையில அடுத்த திருப்பம் ஃபேஸ்புக். டபுள்கிளிக்குக்கு தெரிஞ்சது உலாவி மட்டும்தான். போன்ல பார்த்துட்டு ஆபீஸ் கணினியில வாங்கினா அது ரெண்டு ஆள். ஃபேஸ்புக்ல எல்லாரும் உள்நுழைஞ்சுதான் இருப்பாங்க, அதனால ரெண்டு கருவியும் ஒரே ஆள்னு அதுக்குத் தெரியும். அனலிட்டிக்ஸ் தவறவிடுற விற்பனையை அது உண்மையாவே பிடிக்கும். வழக்கமான கெடு ரொம்ப வருஷம் சொடுக்குக்கு 28 நாள், பார்வைக்கு 1 நாள்னு இருந்துச்சு. அப்புறம் ஆப்பிள் புகுந்துச்சு. சஃபாரி உலாவி 2017-ல இருந்தே மூன்றாம் தரப்பு குக்கீயை நெருக்க ஆரம்பிச்சு, 2020 மார்ச்சுல மொத்தமா அடைச்சுருச்சு. 2021 ஏப்ரல்ல ஐஃபோன்ல 'இந்தச் செயலி உங்களைப் பின்தொடர அனுமதிக்கவா?'னு கேக்குற பெட்டி வந்துச்சு. அது வரப்போகுதுன்னு தெரிஞ்சே அந்த வருஷத் தொடக்கத்துல ஃபேஸ்புக் 28 நாள் கெடுவை 7 நாளாக் குறைச்சுருச்சு. ஒரே விளம்பரம், ஒரே செலவு, ஆனா ஜனவரி அறிக்கையில விற்பனை சரிஞ்ச மாதிரி தெரிஞ்சு பல பேருக்குத் தூக்கம் போச்சு. சரிஞ்சது கெடு மட்டும்தான். அதோட, நேரடியா எண்ண முடியாத இடத்தை ஊகக் கணக்கால நிரப்புறதும் அப்போதான் பரவலாச்சு. இன்னிக்கு நீங்க விளம்பரப் பக்கத்துல பாக்குற எண்ணுல ஒரு பகுதி எண்ணினது, ஒரு பகுதி மதிப்பிட்டது.

கூகுள் பக்கமும் மாத்தம்தான். பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1-ஓட நின்னுபோச்சு. இப்போ இருக்கிற நான்காம் பதிப்பு பேரைக் கடைசிச் சுட்டிக்கு மட்டும் கொடுக்காம வழியில இருந்த பல சுட்டிகளுக்கும் பங்கு போடக்கூடியது. நான் மாமா கடைக்குப் பழைய வழக்கப்படி கடைசிச் சுட்டிதான் பார்க்குறேன். 0.4 ஆர்டர்னு அவர்கிட்ட சொன்னா அடிப்பார்.

சரி, கொசுவத்தி போதும், கடை நோட்டுக்கு வருவோம்.

ஜனவரியில கொரியர் நோட்டுல இருந்த ஆர்டர் 52. இதுதான் தரை. மத்த எந்த எண்ணையும் இதுக்கு மேல வச்சுத்தான் பார்க்கணும். சமூகத்தள விளம்பரப் பக்கம் 34 என்னுதுன்னுச்சு. தேடல் விளம்பரப் பக்கம் 15 என்னுதுன்னுச்சு. கூட்டினா 49. அதாவது பதினஞ்சு வருஷமா கடை வச்சிருக்கிற மனுஷனுக்கு விளம்பரம் இல்லாம வந்த ஆர்டர் மூணே மூணு! நோட்டுல போன் நம்பரை ஒப்பிட்டுப் பார்த்தா 52-ல 28 பேர் முன்னாடியே வாங்கினவங்க. அந்த ஒரு ஒப்பீட்டுலயே எனக்குச் சந்தேகம் தட்டிருச்சு.

அனலிட்டிக்ஸ் மொத்தம் 45 ஆர்டர்தான் பார்த்திருக்கு. சமூகத்தள விளம்பரம் 9, தேடல் விளம்பரம் 11, சும்மா தேடி வந்தது 8, நேரா வந்தது 17. காணாமப்போன ஏழுல மூணு, போன்ல சொல்லி மாமாவே உள்ள பதிஞ்சது. மிச்சம் நாலு நம்ம ஊருக்கே உரிய வியாதி. ஆள் யூபிஐ செயலிக்குப் போய் பணத்தைக் கட்டிட்டு, டிக் விழுந்ததும் அப்படியே போனை வச்சுர்றார். உலாவிக்குத் திரும்பி வர்றதே இல்லை. 'நன்றி' பக்கம் திறக்கல, அதுல இருக்கிற எண்ணும் நிரல் ஓடல. பணம் வந்துருச்சு, காயும் போயிருச்சு, அறிக்கையில மட்டும் ஆர்டர் இல்லை. உங்க தளத்துல இந்த வியாதி இருக்கானு பார்க்கணும்னா பணம் கிடைச்ச ஆர்டர் பட்டியலையும் அனலிட்டிக்ஸ்ல பதிவான ஆர்டர் எண்ணையும் பக்கத்துல வச்சு, இல்லாததை எடுங்க. பத்து நிமிஷ வேலை.

அடுத்து அந்த 34. விளம்பரப் பக்கத்துல கெடு வாரியாப் பிரிச்சுக் காட்டுற ஒரு வசதி ஒளிஞ்சுகிட்டு இருக்கும், அதைத் திறந்தேன். ஏழு நாளுக்குள்ள சொடுக்கி வந்தவை 13. ஒரே நாளுக்குள்ள பார்த்து வந்தவை 21. மாமா முகத்தைப் பார்க்கணும். "அப்போ இருபத்தொரு பேரு தொடக்கூட இல்லையா?"

முதல்ல 13-க்கும் 9-க்கும் உள்ள நாலை எடுத்துக்குவோம். விளம்பரச் சுட்டியில நான் இப்படி ஒரு வால் ஒட்டியிருந்தேன்:

```
?utm_source=social&utm_medium=paid&utm_campaign=pongal
```

இந்த வால் எந்த வருகையில எந்தத் தேதியில வந்துச்சுங்கிறதை ஆர்டரோடவே என் தரவுத்தளத்துல சேமிச்சும் வச்சிருந்தேன். அதுல தேடினதுல ரெண்டு பேர், விளம்பரத்தைச் சொடுக்கி வந்து விலை பார்த்துட்டுப் போய், மூணு நாலு நாள் கழிச்சு கடைப் பேரைக் கூகுள்ல அடிச்சு வந்து வாங்கியிருக்காங்க. விளம்பரத் தளத்துக்கு அது ஏழு நாளுக்குள்ள நடந்த விற்பனை, பேர் அதுக்கு. அனலிட்டிக்ஸுக்குக் கடைசிச் சுட்டி தேடல், பேர் அதுக்கு. எனக்கென்னவோ இந்த ரெண்டுலயும் விளம்பரத் தளம் சொல்றதுதான் நியாயமாப் படுது. மூணாவது ஆள் ஜனவரி 30 சொடுக்கி பிப்ரவரி 2 வாங்கினவர். விளம்பரத் தளம் விற்பனையைச் சொடுக்கின தேதியில எழுதும், அனலிட்டிக்ஸ் வாங்கின தேதியில எழுதும். அதனால மாசக் கடைசியில இவர் ஒரு நோட்டுல ஜனவரி, இன்னொண்ணுல பிப்ரவரி. (மாமா கணக்கை முதல்ல கேட்டப்போ இது 33-தான். நாலு நாள் கழிச்சுப் பார்த்தா முடிஞ்சுபோன மாசத்தோட எண் ஏறியிருக்கு. முதல்ல பேய்னு நெனச்சேன்.) நாலாவது ஆளை என்னால பிடிக்க முடியல. போன்ல சொடுக்கி வேற கருவியில வாங்கினவரா இருக்கலாம்.

தேடல் விளம்பரத்தோட 15-க்கும் 11-க்கும் உள்ள வித்தியாசமும் இதே ரகம்தான், கெடு முப்பது நாள்ங்கிறது மட்டும் வேற. அதுல நேரம் செலவழிக்கல.

மிச்சம் அந்த 21 பேர். விளம்பரத் தளம் இவங்க யாருன்னு சொல்லாது. எண்ணிக்கை மட்டும்தான். ஆர்டர் எண் கிடையாது, பேர் கிடையாது. ஆகவே தரவுத்தளத்துல தேடி அர்த்தமில்லை. விளம்பரத்தை யாருக்குக் காட்டச் சொல்லியிருக்கோம்னு பார்த்தேன். முப்பது நாளுக்குள்ள நம்ம தளத்துக்கு வந்தவங்களுக்குத் திரும்பக் காட்டுனு ஒரு அமைப்பு. அதைப் போட்டது யார்? அடியேன்தான்!

யோசிச்சுப் பாருங்க. மதுரையில ஒரு அக்கா. வருஷா வருஷம் பொங்கலுக்கு மாமாகிட்ட வாங்குறவங்க. காலையில தளத்துக்கு வந்து இந்த வருஷ விலை என்னன்னு பாக்குறாங்க. மத்தியானம் சமூகத்தளத்துல கல்யாணப் போட்டோவைத் தள்ளிக்கிட்டே போறாங்க, நடுவுல நம்ம ஏலக்காய் விளம்பரம் அரை நொடி தெரியுது. சாயந்திரம் வீட்டுக்காரரைக் கேட்டுட்டு நேரா தளத்துக்கு வந்து வாங்குறாங்க. பார்த்து வந்தவர், ஒண்ணு! அவங்க வாங்க முடிவு பண்ணினதாலதான் விளம்பரம் அவங்களைத் தேடி வந்துச்சு. கணக்கு அதைத் தலைகீழா எழுதிருச்சு. அதுக்காக பார்த்து வந்தவை எல்லாமே பொய்னும் சொல்லிர முடியாது. புதுசா ஒருத்தர் பார்த்து, பேரை மனசுல வச்சு, மறுநாள் தேடி வரலாம். 21-ல எத்தனை அந்த ரகம், எத்தனை இந்த ரகம்ங்கிறதை எந்த அறிக்கையும் சொல்லாது. விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும்.

நிறுத்திப் பார்த்த பெரிய கதை ஒண்ணு இருக்கு. 2012 மார்ச்சுல இபே நிறுவனம், அமெரிக்காவுல யாஹூ, மைக்ரோசாஃப்ட் தேடல்கள்ல தன் பேருக்கே கொடுத்துக்கிட்டிருந்த விளம்பரத்தை நிறுத்துச்சு. ஒப்பிட்டுப் பார்க்க கூகுள்ல மட்டும் ஓடவிட்டுச்சு. விளம்பரச் சொடுக்காப் போனதுல 99.5 விழுக்காடு, காசில்லாத சாதாரணத் தேடல் சுட்டி வழியாவே திரும்ப வந்துருச்சு. பேரை அடிச்சுத் தேடுறவன் எப்படியும் வரப்போறவன்தானே. அதுக்கப்புறம் கூகுள்லயும், பேர் சாராத சொற்களுக்கான விளம்பரத்தை நாட்டோட சுமார் முப்பது விழுக்காடு பகுதிகள்ல மட்டும் நிறுத்தி ரெண்டு மாசம் பார்த்தாங்க. மொத்த விற்பனையில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. ஆனா புதியவங்க, எப்பவாவது வாங்குறவங்ககிட்ட விளம்பரம் வேலை செஞ்சுருக்கு. அடிக்கடி வாங்குறவங்ககிட்ட இல்லை. பிளேக், நோஸ்கோ, டாடெலிஸ் மூணு பேரும் இதை 2015-ல ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டாங்க. பாதிக்கப்பட்டவங்க ஒருதடவை படிக்கலாம்.

நம்மகிட்ட இபே அளவு கூட்டம் இல்லை. மாசம் அம்பது ஆர்டரை வச்சு ஊரைப் பாதியா வெட்டிப் பார்த்தா, வர்ற வித்தியாசம் விளம்பரமா தற்செயலானு பிரிக்கவே முடியாது. அதனால எளிமையா ஒண்ணு செஞ்சோம். பிப்ரவரியில, தளத்துக்கு வந்தவங்களுக்குத் திரும்பக் காட்டுற அமைப்பை எடுத்துட்டோம். பழைய வாடிக்கையாளர் போன் நம்பர் பட்டியலை ஏத்தி 'இவங்களுக்குக் காட்டாதே'ன்னோம். செலவு மட்டும் அதே இருநூறு ரூபா ஒரு நாளைக்கு.

பிப்ரவரி நோட்டு: 47 ஆர்டர். சமூகத்தளம் தன்னுதுன்னு சொன்னது 14, சொடுக்கி வந்தவை 9, பார்த்து வந்தவை 5. அதாவது அவங்க எண் இருபது குறைஞ்சுருக்கு, கடை நோட்டு அஞ்சுதான் குறைஞ்சுருக்கு. பழைய ஆளுங்க ஆர்டர் 28-ல இருந்து 26. விளம்பரமே காட்டாம! புதுசு 24-ல இருந்து 21. பொங்கல் முடிஞ்ச மாசம், அதுவும் 28 நாள் மாசம். அதனால அந்த அஞ்சு ஏன் குறைஞ்சதுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். நம்பர் பட்டியல்லயும் எல்லாரும் பொருந்துறதில்லை, வேற நம்பர்ல கணக்கு வச்சிருக்கிறவங்களுக்கு விளம்பரம் போயிருக்கும். ஒரு மாச ஆதாரம், அவ்வளவுதான் இதோட எடை. ஆனா 21 பேர்ல பெரும்பாலானவங்க எப்படியும் வாங்கியிருப்பாங்கங்கிறதுல எனக்குச் சந்தேகம் இல்லை.

மாமாவுக்கு இது ஏன் முக்கியம்னா, ஆர்டருக்குச் சராசரியா 250 ரூபா நிக்குது. ஜனவரியில விளம்பரத்துக்குப் போனது 6,200. அதை 34-ஆல வகுத்தா ஆர்டருக்கு 182, லாபம், செலவைக் கூட்டலாம். 13-ஆல வகுத்தா 477. 9-ஆல வகுத்தா 689, ஆர்டருக்கு ஆர்டர் கைக்காசு போகுது. சித்திரைக்குள்ள தினச்செலவை 600 ஆக்கலாம்னு மாமா முடிவே பண்ணியிருந்தார், அந்த 34-ஐ நம்பி.

இப்போ அது நூறு ரூபாயா இறங்கியிருக்கு, புது ஆட்களுக்கு மட்டும். முதல் ஆர்டர்ல நட்டம்னாலும் அந்த ஆள் வருஷம் மூணு தடவை வாங்கினா சரியாப் போயிரும்ங்கிறது மாமா கணக்கு. அதைப் பார்க்க ஒரு வருஷ நோட்டு வேணும். ஆர்டர் நோட்டுல புதுசா ஒரு கட்டம் போட்டிருக்கார்: 'எப்படித் தெரியும்?' போன்ல பேசுறவங்ககிட்ட அவரே கேட்டு எழுதுறார். போன வாரம் போட்டோ எடுத்து அனுப்பினார். ஏழு பேர்ல மூணு பேர் "சொந்தக்காரங்க சொன்னாங்க", ரெண்டு பேர் "போன்ல பார்த்தேன்", ஒருத்தர் "மூணாறு போறப்போ உங்க கடையில டீ குடிச்சேன்."

மாமா கடையில டீ கிடையாது. ஏழாவது கட்டத்துல ஒண்ணும் எழுதல, கேக்க மறந்துட்டாராம்.

டிஸ்கி: ஆர்டர் எண்ணெல்லாம் மாமா அனுமதியோடதான் போட்டிருக்கேன். காய் என்ன விலைனு மட்டும் கேக்காதீங்க, தினம் மாறுது :-)